தளக்கோணக் கணக்கு: வெக்டரா, செங்குத்து இறக்குவதா, கன அளவா?

ஒரு கோடு ஒரு தளத்தோடு உண்டாக்கும் கோணத்தையோ இரண்டு தளங்களுக்கு இடையிலான கோணத்தையோ கேட்டால், கைவசம் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, ஆயத்தொலைகள் குறித்துக்கொண்டு வெக்டரில் போடுவது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பின் ‘வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள்’ சொல்லித் தருவது இதைத்தான். இரண்டாவது, படத்திலேயே செங்குத்து இறக்கி, கேட்ட கோணத்தை ஒரு முக்கோணத்துக்குள் கொண்டுவந்து முடிப்பது. மூன்றாவது, அந்தச் செங்குத்து எங்கே விழுகிறது என்றே தேடாமல், கன அளவையோ பரப்பையோ வைத்துக் கோணத்தைப் பிடிப்பது.

எந்த வழியில் போனாலும் விடை ஒன்றுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. சில கேள்விகளில் வெக்டர் வாய்பாடு தருகிற எண்ணும், கேள்வி கேட்கிற கோணமும் வேறு வேறு. அதை ஒரே கனவடிவத்தை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

ABCD என்ற சதுரம் அடிப்பக்கம், பக்க அளவு 2. A-க்கு நேர் மேலே P; PA அடித்தளத்துக்குச் செங்குத்து, PA = 2. P-ஐ நான்கு முனைகளோடும் சேர்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிரமிடு கிடைக்கும். ஆயத்தொலை வைப்பதென்றால் A-யை ஆதியாக எடுப்பதுதான் இயல்பு: A(0,0,0), B(2,0,0), C(2,2,0), D(0,2,0), P(0,0,2).

கோடும் தளமும்: AC, PBC

AC என்ற மூலைவிட்டம் PBC என்ற முகத்தோடு உண்டாக்கும் கோணம் என்ன?

வெக்டரில் போட்டால்: AC-யின் திசை (1,1,0). PBC தளத்தின் சமன்பாடு x + z = 2; B, C, P மூன்றும் இதில் பொருந்துவதை ஒரு பார்வையிலேயே சரிபார்த்துவிடலாம். எனவே தளத்தின் செங்குத்து வெக்டர் (1,0,1). புள்ளிப் பெருக்கம் 1, இரு நீளங்களும் √2.

sin θ = |1| / (√2 × √2) = 1/2, ஆகவே θ = 30°.

இங்கே sin என்று போட்டதற்குக் காரணம் உண்டு. புள்ளிப் பெருக்கம் தருவது கோட்டுக்கும் செங்குத்து வெக்டருக்கும் இடையிலான கோணத்தின் cos. நமக்கு வேண்டியது கோட்டுக்கும் தளத்துக்கும் இடையிலானது. அது 90°-இலிருந்து அந்தக் கோணத்தைக் கழித்தது. இரு தளங்களின் வாய்பாட்டைப் படித்த கையோடு இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் பழக்கத்தில் cos எழுதி 60° என்று முடித்துவிடுவார்கள். எண்கள் அழகாக வருவதால் சந்தேகமும் வராது.

செங்குத்து இறக்கும் வழியில் பார்ப்போம். A-யிலிருந்து PBC தளத்துக்கு இறக்கும் செங்குத்து எங்கே விழும்? BC, AB-க்குச் செங்குத்து, PA-க்கும் செங்குத்து. ஆகவே PAB தளத்துக்கே BC செங்குத்து. PAB-க்குள் A-யிலிருந்து PB-க்கு ஒரு செங்குத்து AH வரைந்தால், அது PB-க்கும் BC-க்கும் ஒருசேரச் செங்குத்தாகிவிடுகிறது. அதாவது PBC தளத்துக்கே செங்குத்து. PAB இருசமபக்கச் செங்கோண முக்கோணம் என்பதால் H என்பது PB-யின் நடுப்புள்ளி, AH = √2. இப்போது CH என்பது தளத்தின் மேல் AC-யின் வீழல். கேட்ட கோணம் ACH. AC = 2√2, எனவே sin θ = √2 / 2√2 = 1/2. அதே 30°.

மூன்றாவது வழிக்கு H தேவையே இல்லை. A, B, C, P நான்கும் ஒரு நான்முகி. ABC-யை அடியாக எடுத்தால் கன அளவு (1/3) × 2 × 2 = 4/3. அதே நான்முகியில் PBC-யை அடியாக எடுத்தால்: B-யில் செங்கோணம், PB = 2√2, BC = 2, பரப்பு 2√2. உயரம் h என்றால் (1/3) × 2√2 × h = 4/3; h = √2. பிறகு sin θ = h / AC = 1/2.

மூன்றும் 30° தருகின்றன. இந்தப் படத்தில் நான் செங்குத்து இறக்கும் வழியைத்தான் எடுப்பேன். PAB தளத்துக்குச் செங்குத்தான கோடு ஒன்று (BC) படத்திலேயே கிடப்பதால் H எங்கே என்று தேட வேண்டியதில்லை. அப்படி ஒன்று கண்ணில் படாதபோது, H இருக்கும் இடத்தை ஊகித்து எழுதுவதுதான் இந்த வழியில் நடக்கும் பெரிய பிழை. A-யிலிருந்து வரும் செங்குத்து B-யிலேயே விழுவதாக எண்ணி ACB = 45° என்பார்கள்; PC-யின் மேல் விழுவதாக எண்ணி ACP-யை எடுத்தால் சுமார் 35.26° வரும். இரண்டும் தவறென்று காட்ட ஒரு சோதனை இருக்கிறது: ஒரு கோடு, தளத்தில் தன் அடிப்புள்ளி வழியே போகும் எல்லாக் கோடுகளோடும் உண்டாக்கும் கோணங்களில் மிகச் சிறியதுதான் அந்தக் கோட்டுக்கும் தளத்துக்கும் இடையிலான கோணம். C வழியாகத் தளத்தில் இன்னொரு கோடு வரைந்து, உங்கள் விடையைவிடச் சிறிய கோணம் கிடைத்தால், நீங்கள் பிடித்தது வீழல் அல்ல. PB-யின் மேல் H-ஐப் போலப் பல புள்ளிகள் எடுத்துப் பாருங்கள். 30°-க்குக் கீழே போகவே போகாது.

H தெரியாவிட்டால் உடனே வெக்டருக்குத் தாவ வேண்டும் என்பதில்லை. முகங்களின் பரப்பு எளிதாக வருமானால் கன அளவு வழி அதைவிடக் குறுகியது. பரப்பே சிக்கலான மூன்று பக்கங்களிலிருந்து எடுக்க வேண்டியதாக இருந்தால் மட்டும் அது வீண் சுற்று.

இரு தளங்கள்: PBC, PCD

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. PBC-யின் செங்குத்து வெக்டர் (1,0,1). PCD தளம் y + z = 2, அதன் செங்குத்து வெக்டர் (0,1,1). புள்ளிப் பெருக்கம் 1, நீளங்கள் √2, √2. cos θ = 1/2, θ = 60°. ‘தளங்களுக்கு இடையேயுள்ள குறுங்கோணம்’ என்று கேள்வி இருந்தால் வேலை முடிந்தது. பாடநூல் வாய்பாட்டில் மட்டுக்குறி போட்டிருப்பதே அந்தக் குறுங்கோணத்துக்காகத்தான்.

ஆனால் கேள்வி ‘PC என்ற விளிம்பில் இரு முகங்களுக்கு இடையே உள்ள கோணம்’ என்று, அதாவது பிரமிடின் உட்பக்கத்து இருமுகக் கோணத்தைக் கேட்டால்? அதைப் படத்திலிருந்து எடுப்போம். விளிம்பு PC. B-யிலிருந்து அதற்குச் செங்குத்து BE. PBC-யில் B-யில் செங்கோணம், PC = 2√3, ஆகவே BE = (2√2 × 2) / 2√3 = √(8/3). சமச்சீரால் D-யிலிருந்து வரும் செங்குத்தும் அதே E-யில் விழும், DE = √(8/3). BD = 2√2. முக்கோணம் BED-யில்:

cos E = (8/3 + 8/3 − 8) / (2 × 8/3) = (−8/3) / (16/3) = −1/2.

கோணம் 120°. பிரமிடு PC விளிம்பில் அவ்வளவு விரிந்துதான் இருக்கிறது. 60° என்பது தளங்களை விளிம்புக்கு அப்பாலும் நீட்டினால் கிடைக்கும் மற்றக் கோணம்.

இந்தப் பிரமிடில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அவசரத்தில் பலர் E-யைத் தேடாமல், இரு முகங்களின் விளிம்புகளான PB, PD-க்கு இடையேயுள்ள BPD-யையே இருமுகக் கோணமாக எடுத்துக்கொள்வார்கள். PB = PD = BD = 2√2; சமபக்க முக்கோணம்; கோணம் 60°. வெக்டர் வாய்பாடும் 60° சொல்லும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்துவிட்டதே என்று நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். ஆனால் BPD-க்கும் இருமுகக் கோணத்துக்கும் சம்பந்தமே இல்லை. PB-யும் PD-யும் PC-க்குச் செங்குத்தானவை அல்ல. இந்த எண்களில் தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான். இருமுகக் கோணத்தின் இரு கைகளும் விளிம்பின் ஒரே புள்ளியிலிருந்து, விளிம்புக்குச் செங்குத்தாக, ஒவ்வொரு முகத்திலும் ஒன்றாகப் புறப்பட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கிடைப்பது வேறு ஏதோ கோணம்.

கன அளவு வழியும் இங்கே 60-ஆ 120-ஆ என்று சொல்லாது. B-யிலிருந்து PCD தளத்துக்குத் தொலைவு √2; அதை BE-யால் வகுத்தால் sin θ = √3/2. 60°-க்கும் 120°-க்கும் sin ஒன்றுதானே.

அப்படியானால் வெக்டரை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம், ஒரு வரி கூடுதலாகப் போட்டால் போதும். கனவடிவத்தின் உள்ளே இருக்கும் ஒரு புள்ளியையோ, இரு தளங்களிலும் இல்லாத ஒரு முனையையோ எடுங்கள். இங்கே A. அதை இரு தளச் சமன்பாடுகளிலும் செங்குத்து வெக்டரின் குறி மாறாமல் பிரதியிடுங்கள். x + z − 2-இல் −2. y + z − 2-இலும் −2. இரண்டு குறிகளும் ஒன்றே. அப்படியென்றால் இரு செங்குத்து வெக்டர்களும் ஒன்றுபோல வெளிநோக்கி (அல்லது ஒன்றுபோல உள்நோக்கி) நிற்கின்றன. உட்பக்க இருமுகக் கோணம், 180°-இலிருந்து செங்குத்து வெக்டர்களின் கோணத்தைக் கழித்தது: 120°. குறிகள் மாறி வந்தால், செங்குத்து வெக்டர்களின் கோணமே விடை. இந்தச் சோதனையில் புள்ளிப் பெருக்கத்தின் குறியை மட்டுக்குறி போட்டு அழித்துவிடக்கூடாது. அது விரிகோணமாக வந்தால் விரிகோணமாகவே வைத்துக் கழிக்க வேண்டும். இந்தப் பிரமிடு போலன்றி உட்குழிவான வடிவங்களில் ‘உள்ளே’ எது என்பதையும் அந்த விளிம்பருகே பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குறிச்சோதனை பிடிக்காதவர்கள் E-யின் ஆயத்தொலையைக் கண்டு EB, ED வெக்டர்களையே புள்ளிப் பெருக்கலாம். E(4/3, 4/3, 2/3); EB = (2/3, −4/3, −2/3), ED = (−4/3, 2/3, −2/3). பெருக்கம் −12/9, நீள வர்க்கம் ஒவ்வொன்றும் 24/9, cos = −1/2. குழப்பத்துக்கே இடமில்லை, வேலைதான் கொஞ்சம் கூட.

என் தேர்வு இப்படி: வினாவில் ‘இரு தளங்கள்’ என்று மட்டும் இருந்தால் வெக்டர். ‘முகங்கள்’, ‘விளிம்பில்’ என்ற சொற்கள் வந்தால், படத்தில் செங்குத்து இறக்குவதை முதலில் முயல்வேன். E சமச்சீராக அமையாவிட்டால் குறிச்சோதனையோடு வெக்டர்.

வெட்டும் கோடு படத்தில் இல்லாதபோது

PAB-யும் PCD-யும் படத்தில் P என்ற ஒரே புள்ளியில்தான் தொடுகின்றன. விளிம்பே இல்லையே, எங்கே செங்குத்து இறக்குவது? இதில் பரப்பு வழி அழகாக வேலை செய்யும். ஒரு தளத்திலுள்ள உருவத்தை இன்னொரு தளத்தில் வீழ்த்தினால் பரப்பு cos θ மடங்காகச் சுருங்கும். PCD-யை PAB தளத்தின் மேல் வீழ்த்துங்கள்: P அங்கேயே இருக்கிறது, C போய் B-யில் விழும், D போய் A-யில் விழும். PAB-யின் பரப்பு 2. PCD-யில் D-யில் செங்கோணம், பரப்பு (1/2) × 2 × 2√2 = 2√2. cos θ = 2 / 2√2, θ = 45°.

வீழல் முனைகள் ஏற்கெனவே படத்தில் பெயரிட்ட புள்ளிகளாக அமைந்தால்தான் இது இவ்வளவு சுருக்கம். இல்லையென்றால் வெக்டரே மேல்: (0,1,0), (0,1,1), ஒரே வரி. வடிவியலாகவே காட்ட வேண்டுமானால், CD-யும் AB-யும் இணை என்பதால் இரு தளங்களும் வெட்டும் கோடு P வழியாக AB-க்கு இணையாகப் போகும்; PA-யும் PD-யும் அதற்குச் செங்குத்து; கோணம் APD = 45°. இதுவும் குறுங்கோணம்தான். விளிம்பு இல்லாததால் உட்பக்கம், வெளிப்பக்கம் என்ற கேள்வி இங்கே எழாது.

சமன்பாடாகவே தந்துவிட்டால்

இங்கே தேர்வுக்கே இடமில்லை, வெக்டர்தான். ஆனால் பிழை நேர்வது வாய்பாட்டில் அல்ல, திசையை வாசிப்பதில். உதாரணத்துக்கு, (x − 1)/2 = (3 − y)/1 = (2z + 4)/4 என்ற கோடும் x − 2y + 2z = 7 என்ற தளமும். பகுதிகளை அப்படியே எடுத்துத் திசை (2, 1, 4) என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொன்றையும் t-க்குச் சமமாக்கிப் பாருங்கள்: y = 3 − t, z = 2t − 2. உண்மையான திசை (2, −1, 2). நீளம் 3, செங்குத்து வெக்டர் (1, −2, 2)-இன் நீளமும் 3, பெருக்கம் 2 + 2 + 4 = 8. sin θ = 8/9, சுமார் 62.7°.

தவறான திசையிலும் பெருக்கம் 2 − 2 + 8 = 8 என்றே வரும்! நீளம் மட்டும் √21 ஆகி, கோணம் சுமார் 35.6° என்று காட்டும். தொகுதி சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தவறு பகுதியில் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது மிக எளிது. x, y, z மூன்றின் கெழுக்களும் +1 ஆகும்வரை சமன்பாட்டைத் திருத்தி எழுதிய பிறகே திசையை எடுப்பது நல்லது.

புள்ளி நகர்ந்தால்

PC-யின் மேல் F என்ற புள்ளி, BF, PAD தளத்தோடு 30° உண்டாக்க வேண்டும், F எங்கே? F நகர நகர, செங்குத்தின் அடியும் நகரும். படத்தில் ஒவ்வொரு நிலைக்கும் முக்கோணம் மாறிக்கொண்டே இருப்பதால் செங்குத்து இறக்கும் வழி இங்கே காலை வாரும். CF = t × CP என்று வைத்தால் F(2 − 2t, 2 − 2t, 2t), BF-இன் திசை (−t, 1 − t, t). PAD-யின் செங்குத்து வெக்டர் (1,0,0).

sin θ = t / √(3t² − 2t + 1) = 1/2

வர்க்கப்படுத்தினால் t² + 2t − 1 = 0; t = √2 − 1 அல்லது −1 − √2. F விளிம்பின் மேலேயே இருக்க வேண்டும் என்பதால் t, 0-க்கும் 1-க்கும் இடையே இருக்க வேண்டும். √2 − 1, சுமார் 0.414, மட்டும் நிற்கும். இப்படி மாறி ஒன்று நுழைந்த கேள்விகளில் யோசிக்காமல் ஆயத்தொலை வைத்துவிடலாம்.

ஆயத்தொலை வைக்க மூலை கிடைக்காதபோது

மேலே உள்ள பிரமிடில் A-யில் மூன்று செங்குத்துக் கோடுகள் தயாராக நின்றன. ஒழுங்கு நான்முகியில் அப்படி ஒரு மூலையும் இல்லை. பக்கம் 6 என்று எடுத்து, ஒரு முகத்தை xy தளத்தில் வைத்தால் உயரம் 2√6, நடுக்கோடு 3√3 என்று மூலங்களாகவே வந்து குவியும். குறுக்குப் பெருக்கத்தில் நடு உறுப்பின் குறியை விடாமல் பிடித்துக்கொண்டு இவற்றைப் பெருக்குவது வீண் வேலை. படத்தில் பார்த்தால் மூன்று வரி: ஒரு விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து எதிர்முனைகள் இரண்டுக்கும் நடுக்கோடுகள் 3√3, 3√3, இரண்டும் விளிம்புக்குச் செங்குத்து, எதிர் விளிம்பு 6. cos θ = (27 + 27 − 36)/54 = 1/3, சுமார் 70.53°. கோணம் குறுங்கோணமாகவே வருவதால் உட்பக்கம், வெளிப்பக்கம் என்ற சிக்கலும் இல்லை.

ஆனாலும் வெக்டரில்தான் போடுவேன் என்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நான்முகியைத் தனியாக நிறுத்தாமல் ஒரு கனசதுரத்துக்குள் வையுங்கள்: (0,0,0), (1,1,0), (1,0,1), (0,1,1). எந்த இரண்டுக்கும் இடையே √2, ஒழுங்கு நான்முகிதான். முதல் மூன்று புள்ளிகளின் முகத்துக்கு x − y − z = 0; கடைசி மூன்றின் முகத்துக்கு x + y + z = 2. செங்குத்து வெக்டர்களின் பெருக்கம் 1 − 1 − 1 = −1, நீளங்கள் √3, √3; மட்டு எடுத்தால் 1/3. மூலங்கள் எல்லாம் ஒரே அடியில் காணாமல் போய்விடுகின்றன. விளிம்புக்கும் முகத்துக்கும் இடையிலான கோணமும் இதே ஆயத்தொலைகளில் கிடைக்கும்: (0,0,0)-இலிருந்து (1,1,0)-க்குப் போகும் விளிம்பின் திசை (1,1,0), எதிர்முகத்தின் செங்குத்து வெக்டர் (1,1,1); sin θ = 2/√6, சுமார் 54.74°.